அந்தப் பதினைந்து எங்கே போச்சு, கணக்கு?

அன்புள்ள டீமேக்கர் ஐயாவுக்கு,

போன மாதம் குன்னூரில் ஒரு சின்னக் கூட்டம். புதிதாகத் தேயிலைத் தொழிலுக்கு வந்த பையன்கள், பெண்கள் என ஒரு இருபது பேர். பேசி முடித்தபின் ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். நான் ஒரு பயிற்சி வகுப்பின் பெயரைச் சொன்னேன். மூன்று வாரம் போன வகுப்பு. சான்றிதழ் இன்னும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில், கட்டபெட்டு தாண்டும்போது, வாயில் ஏதோ கசந்தது. ஏழு வருஷம் ஒரு மனிதர் பின்னால் சுற்றிவிட்டு, மூன்று வாரத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் "சரி சரி, தேத்தண்ணி குடிச்சியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதினால் முழுதாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். உங்களுக்கு இப்போது கண் சரியில்லை, பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள் என்று தெரியும். பாப்பா, தாத்தா நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே.

2001இல் நான் பேக்டரிக்கு வந்தபோது இலை எடை போடும் குமாஸ்தா. பி.காம். படித்துவிட்டு, திருப்பூரில் நல்ல வேலை கிடைக்கும்வரை ஒப்பேற்றலாம் என்று வந்தவன். பச்சை இலை கிலோ ஐந்து ரூபாய், ஆறு ரூபாய்க்கு விழுந்திருந்த காலம். தோட்டக்காரர்கள் மூட்டையை இறக்கும்போதே முகம் வாடியிருக்கும். சுற்றிலும் எல்லாரும் இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.சி. ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் பேக்டரியில் மட்டும் மூலையில் இரண்டு பழைய ரோலர்கள், இலையை உருட்டி முறுக்கும் ஆர்த்தடாக்ஸுக்கு என்று ஓடும். அந்த மூலை உங்களுடையது. ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து பேக்டரியில் பதினான்கு வயதில் தரை கூட்டிக் கற்றதும், தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கும்போது பெட்டியில் ஒரு டீ ருசி பார்க்கும் பீங்கான் கிண்ணம் இருந்ததும் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மேனேஜரைக்கூட எல்லாரும் "சார்" என்பார்கள், உங்களை மட்டும்தான் "ஐயா" என்பார்கள். நீங்கள் என் பெயரைக் கேட்கவே இல்லை. முதல் நாளே "கணக்கு" என்று கூப்பிட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் போனில் அதே பெயர்தான்.

அந்த நவம்பர் இரவு

நம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை. அந்த வாரம் முழுக்க நனைந்த இலைதான் வந்தது. மூட்டையைத் தூக்கினால் கீழே சொட்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்த லோடுக்கு நான் நூற்றுக்குப் பதினைந்து தண்ணிக் கழிவு எழுதினேன். ஆயிரம் கிலோ கொண்டுவந்தால் எண்ணூற்றைம்பதுக்குத்தான் காசு. சிலர் முனகினார்கள். ஒரு பாட்டி ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் நியாயமாகத்தான் எழுதினேன் என்று நினைத்தேன். தண்ணிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நீங்கள் கூடலூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தீர்கள். மாடியில் வாட்டல், அதாவது உருட்டுவதற்கு முன் இலையைக் காற்றில் வாடவைக்கும் வேலை பார்க்கும் ஆளுக்குக் காய்ச்சல். மேனேஜர் என்னைப் பார்த்து, "ராத்திரி நீ பார்த்துக்க" என்றார். எனக்கு ஒரு விதி தெரிந்திருந்தது, நீங்கள் அந்த ஆளிடம் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தேன். ஒரு கிலோ இலையை வலைப்பையில் போட்டு, இலை பரப்பி அடியிலிருந்து காற்று ஊதும் நீளத் தொட்டியான டிரஃப்பின் நடுவில் மற்ற இலையோடு புதைத்து வைக்க வேண்டும். அவ்வப்போது எடுத்து எடை பார்க்க வேண்டும். ஆயிரம் கிராம் 575க்கு வந்தால் ஆர்த்தடாக்ஸ் ரோலருக்கு விடலாம். பி.காம். படித்தவனுக்கு இது போதாதா?

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக இங்கே ஒரு வார்த்தை, ஐயா பொறுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து கிள்ளி வரும்போது அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 77 பங்கு தண்ணீர். மீதி 23தான் சரக்கு. அதாவது ஒரு கிலோ இலையில் 230 கிராம். ஆர்த்தடாக்ஸுக்கு இலையில் தண்ணீர் 60 பங்குக்கு இறங்கினால் உருட்டப் பதமாக இருக்கும். 230 கிராம் சரக்கு நாற்பது பங்காக இருக்க வேண்டுமென்றால் மொத்த எடை 575 கிராம். உங்கள் விதி அங்கிருந்து வந்தது. இதை நீங்கள் கணக்காகப் போட்டுப் பார்த்ததே இல்லை, கை சொன்னதை எண்ணாக்கி வைத்திருந்தீர்கள். கணக்காகப் போட்டது நான், பிற்பாடு.

அன்று இரவு வெளியே மூடுபனி. காற்றுக்கு இலையிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்ள இடமே இல்லை. சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் மாட்டியிருப்பீர்களே, ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றி. இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டின. அப்படிக் காட்டினால் எத்தனை மணி நேரம் பேன் ஓடினாலும் இலை அப்படியே கிடக்கும், கொஞ்சம் சூடு கலக்க வேண்டும். அதுவரை நான் செய்தது சரி. ஆனால் கொஞ்சத்தோடு நிறுத்தவில்லை. காற்றுச் சூட்டை 35 டிகிரிக்கு மேல் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. நான் நாற்பதைத் தாண்டவிட்டேன். நள்ளிரவு ஒரு மணிக்கு வலைப்பை 575 காட்டியது. வந்து எட்டு மணி நேரம்தான். நீங்கள் பதினாலு, பதினாறு மணி நேரம் காத்திருப்பதை நான் எட்டில் முடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, இருக்கும்போதே ஓட்டிவிடலாம் என்று ஆட்களை எழுப்பி ரோலரில் போட்டேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸில் வந்து, நனைந்த சால்வையோடு நேராக ரோலரிடம் போனீர்கள். இலையைப் பார்க்கவில்லை. குனிந்து ரோலருக்குக் கீழே தரையைப் பார்த்தீர்கள். பச்சைச் சாறு ஒழுகிக் குட்டையாக நின்றிருந்தது. விரலில் தொட்டு எழுந்தீர்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"எத்தனைல எறக்குன?"

"575 ஐயா."

"நனைஞ்ச எலை. நேத்து எவ்வளவு கழிவு எழுதுன?"

"நூத்துக்குப் பதினஞ்சு."

"சாயங்காலம் விவசாயிகிட்ட பதினஞ்சு கழிச்ச. ராத்திரி உன் பைல அந்தப் பதினஞ்சு எங்க போச்சு, கணக்கு?"

அவ்வளவுதான். சால்வையை உதறிப் போட்டுவிட்டு டிரையர் பக்கம் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்று மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். வலைப்பையில் நான் போட்ட ஆயிரம் கிராமில் 150 கிராம் வெறும் மழைத்தண்ணீர். உண்மையான இலை 850 கிராம்தான். அதில் சரக்கு 195 கிராமும் சொச்சமும். அப்படியென்றால் நான் இறக்கியிருக்க வேண்டியது 575இல் அல்ல, 490க்குக் கிட்டத்தில். நான் ரோலரில் போட்ட இலையில் தண்ணீர் 60 பங்கு இல்லை, 66 பங்கு. வாட்டல் பாதியில் நின்றிருக்கிறது, என் நோட்டில் மட்டும் முழுதாக முடிந்திருக்கிறது.

பாட்டியின் சீட்டு நினைவுக்கு வந்தது. அவர்களிடம் கழிக்கும்போது அந்தத் தண்ணீர் என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்காகக் கணக்குப் போடும்போது தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியில் நீங்கள் இரண்டையும் கேட்டீர்களா, இல்லை வாட்டலை மட்டும்தான் கேட்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் "எலையப் பத்தித்தாண்டா கேட்டேன்" என்பீர்கள்.

பித்தளைச் செம்பு

அந்தச் சரக்கை நீங்கள் கொட்டவில்லை. மற்றதோடு கலக்கவும் விடவில்லை. தனியாக உலர்த்தி, ஒரு பையில் கட்டி, மேலே கரியால் "கணக்கு" என்று எழுதி வைத்தீர்கள். மறுநாள் காலை இரண்டு பீங்கான் கிண்ணம், இரண்டு மூடி. ஒன்றில் என் இலை, மற்றதில் அதற்கு முந்தின வாரத்து உங்கள் இலை. மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஆறு நிமிஷம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. சர்ரென்று உறிஞ்ச வேண்டும், சத்தம் வர வேண்டும் என்றீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் சத்தம் போட்டு டீ குடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார்.

உங்கள் டீயை முதலில் உறிஞ்சினேன், பிறகு என்னுடையதை. "என்ன தெரியுது?" என்றீர்கள். "வேற மாதிரி இருக்கு" என்றேன். "வேற மாதிரின்னா? நாக்குல எங்க?" பதில் தெரியவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "வெளக்காத பித்தளைச் செம்ப நக்கிப் பாத்திருக்கியா? அது." திரும்ப உறிஞ்சினேன். அப்படியே இருந்தது. பச்சை வாடையும், அதன் அடியில் உலோகம் மாதிரி ஒரு காரலும். அந்த நிமிஷம்வரை எனக்கு டீ என்றால் கடுப்பு, திடம், சூடு, அவ்வளவுதான். நாக்குக்கு இடம் உண்டு, அந்த இடத்துக்கு ஒரு வார்த்தை உண்டு, அந்த வார்த்தையிலிருந்து பின்னால் நடந்து போனால் முந்தின நாள் ராத்திரி மாடியில் யார் என்ன தப்பு செய்தான் என்று கண்டுபிடிக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. கணக்குப் புத்தகத்தில் தப்பைப் பின்னோக்கித் தேடிப் போகிற சுகம் எனக்கு ஏற்கனவே பழக்கம். அதே சுகம் ஒரு கிண்ணத்துக்குள் கிடைக்கும் என்று யார் சொன்னார்கள்?

ஆறேழு மாதம் கழித்து குன்னூர் ஏலத்துக்குப் போன ஒரு லாட்டைப் பற்றி புரோக்கரிடமிருந்து வந்த குறிப்பில் 'பிராஸி' என்று எழுதியிருந்தது. மேனேஜர் அகராதியைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் இங்கிலீஷ் வாசிக்காதவர். ஆனால் அந்தப் புரோக்கர் எழுதியதும் நீங்கள் சொன்ன பித்தளையும் ஒன்றுதான். வாட்டல் போதாத டீக்கு ருசி பார்ப்பவர்கள் ஊர் ஊராகச் சொல்லும் பெயரே அதுதான்.

ஒன்றை மட்டும் அன்று நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். 490 வரை காத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறை நனைந்த இலை வந்தபோது எண்ணைத் திருத்திக்கொண்டேன், சூட்டை மட்டும் விடவில்லை. ஒன்பது மணி நேரத்தில் சரியான எடைக்குக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினேன். ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தினீர்கள். ஓர இலைகள் சரசரத்தன. காம்பை மடித்தீர்கள், 'டிக்' என்று ஒடிந்தது. முகர்ந்துவிட்டு என் மூக்கருகில் நீட்டினீர்கள். புல் வாடை.

"தண்ணி போயிருச்சு. வாட்டல் ஆகல. ரெண்டும் வேற."

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த மூன்று வாரப் பயிற்சி வகுப்பு தேவைப்பட்டது. அதற்கு அந்த அளவுக்கு மரியாதை தர வேண்டும். கிள்ளிய பிறகும் இலை உடனே சாவதில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. புரதம் உடைந்து சின்னச் சின்னத் துண்டுகளாகிறது, பிற்பாடு வாசனை அதிலிருந்தும் வருகிறது. உயிரணுக்களின் சவ்வு தளர்கிறது, அதனால் ரோலரில் சாறு எளிதாக வெளிவந்து இலைமேல் பூசிக்கொள்கிறது. இதற்கெல்லாம் நேரம்தான் வேண்டும். சூட்டைக் கூட்டித் தண்ணீரை எட்டு மணியில் விரட்டலாம், அந்த வேலையை விரட்ட முடியாது. அதிகச் சூட்டில் அடி இலை காய்ந்து, மேல் இலை பச்சையாகவே கிடக்கும். சராசரி எடை மட்டும் சரியாக இருக்கும். வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்கினார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து, "ரெண்டும் வேற" என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.

நல்ல வாட்டலை நீங்கள் காட்டிய விதம் எந்த வகுப்பிலும் இல்லை. கைப்பிடி இலையை உருண்டையாகப் பிடித்து விட்டால் அது உடனே விரியக் கூடாது, உருண்டையாகவே நிற்கவும் கூடாது. தூக்கத்திலிருந்து எழுகிற பூனை மாதிரி மெதுவாக விரிய வேண்டும். காம்பு மடிய வேண்டும், ஒடியக் கூடாது. புல் வாடை போய், பழக்கடை மூலையில் ஆப்பிள் பெட்டி திறந்த மாதிரி ஒரு வாசம் வர வேண்டும். பூனை உதாரணம் உங்களுடையது. அந்த ஆப்பிள் பெட்டி என்னுடையது. நீங்கள் அதற்கு ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, முகர்ந்து தலையை மட்டும் ஆட்டுவீர்கள்.

கழிவு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த நவம்பருக்குப் பிறகு நான் குத்துமதிப்பாகக் கழிவு எழுதவில்லை. மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து, துண்டில் புரட்டித் துடைத்து, திரும்ப எடை போட்டேன். சிலருக்கு எட்டு வந்தது, சிலருக்குப் பதினெட்டு. இலையைக் கூரைக்கடியில் பரப்பி வைத்துக் கொண்டுவந்தவரும், வேலியோரம் மூட்டையோடு மழையில் விட்டவரும் அதுவரை ஒரே கழிவைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆகிறது என்று மேனேஜர் கத்தினார். நீங்கள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் எடை மேடையில் ஒரு உலர்ந்த துண்டு மடித்து வைத்திருந்தது.

உங்கள் ஜலதோஷம்

2003 ஜனவரி. திருப்பூர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கணக்கர் வேலை, இங்கே வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். பதினைந்தாம் தேதி சேர வேண்டும். உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

உறைபனிக் காலம். புல்தரையெல்லாம் காலையில் வெள்ளை. கொழுந்து மெதுவாக, சின்னதாக வரும். நம் மலையில் வருஷத்தின் நல்ல டீ அந்த மாதங்களில்தான். ஆனால் நவம்பரின் தலைகீழ்த் தொல்லை: காற்று அவ்வளவு காய்ந்து வீசும், ஆறே மணியில் இலை எடை இழந்துவிடும், உள்வேலை முடிந்திருக்காது. அந்த இரவு நீங்கள் பேனை நிறுத்தச் சொன்னீர்கள். "காத்த நிறுத்து. எலைய அதும்பாட்டுக்கு விடு." ராத்திரி முழுக்க மாடியில் ஒரு சத்தம் இல்லை. இலை அதன் பாட்டுக்குக் கிடந்தது. நாம் இரண்டு பேரும் ஹீட்டர் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கு மூன்று நாளாகக் கடும் ஜலதோஷம், மூக்கு முழுக்க அடைப்பு.

காலையில் உருட்டி, புளிப்பதற்குப் பரப்பினோம். அந்தக் கட்டத்தில் மணி பார்ப்பது உங்களுக்குப் பிடிக்காது. குளிர்நாளில் இரண்டு மணியும் ஆகும், மூன்றும் ஆகும், மூக்குதான் சொல்லும் என்பீர்கள். பச்சை வாடை போய்க் கூர்மையாக ஒரு பழவாசம் எழும், பிறகு அது உருண்டு பூவாகும், அந்த உச்சியில் டிரையருக்கு விட வேண்டும். தவறவிட்டால் வாசம் மடங்கிவிடும், கோப்பை வெறும் சாயமாக நிற்கும். தெர்மாமீட்டர் வைக்கலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை. அந்த விஷயத்தில் நீங்கள் பிடிவாதம்தான், ஐயா. இன்று என் பேக்டரியில் தெர்மாமீட்டர் இருக்கிறது, அது உதவவும் செய்கிறது.

அன்று குனிந்து முகர்ந்தீர்கள். இன்னொரு முறை. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"எனக்கு ஒண்ணும் வரல. இன்னிக்கு உன் மூக்குதான்."

முந்நூறு கிலோவுக்கு மேல் இலை. அந்தச் சீசனின் முதல் நல்ல சரக்கு. கை நடுங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்றும் எதுவும் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு கட்டத்தில் வாசம் வந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை, ஆனால் அது இனிமேல் ஏறாது, இறங்கும் என்று மட்டும் தெரிந்தது. "ஐயா, இப்ப" என்றேன். ஆட்களைப் பார்த்து நீங்கள் கையைக் காட்டினீர்கள், அவ்வளவுதான். என்னைத் திரும்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது கடிதத்தை எடுத்து நீட்டினேன். உங்களால் வாசிக்க முடியாது என்று தெரிந்தும் நீட்டினேன், விவரம் சொன்னேன். மூக்கைச் சிந்திவிட்டு, "போறதுன்னா போ. நல்ல சம்பளம். ஆனா அந்த மூக்கக் கொண்டுபோய் பனியன் கம்பெனில என்னடா பண்ணுவ?" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. பதினைந்தாம் தேதி வந்தது, நான் மாடியில் இலை திருப்பிக்கொண்டிருந்தேன். அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதையெல்லாம் நீங்கள் அறிய மாட்டீர்கள், நான் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணின் போன் நம்பரை வாங்கிவிட்டேன். கூப்பிட்டு, எங்கே கற்றேன் என்பதைத் திருத்திச் சொன்னேன். உங்களைப் பார்க்க வர வேண்டுமாம். அடுத்த ஞாயிறு அழைத்து வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பொட்டலம் இருக்கிறது. இந்த ஜனவரி இலை, ஒரே தோட்டம், ஒரே நாள் கிள்ளியது. ஒன்று பத்து மணி நேரம் வாடியது, மற்றது பதினாறு. எடை இரண்டிலும் ஒன்றாகத்தான் இறக்கினேன். எது எந்தப் பொட்டலம் என்று எழுதவில்லை. பாப்பா, ஆறு நிமிஷம், பால் வேண்டாம். தாத்தாவுக்கு ஜலதோஷம் இருந்தால் ஞாயிறு வரை பிரிக்காதே, நான் வந்து ஊற்றுகிறேன்.

உங்கள்,
கணக்கு